ஒரே சட்டம், மூன்று விடைகள்: தேர்வுத்தாளில் கடைசிச் சொல் என்ன கேட்கிறது

சட்டத் தேர்வின் வினா பெரும்பாலும் ஒரு வினைச்சொல்லில் முடியும். விவாதி, விமர்சன நோக்கில் மதிப்பிடுக, ஆலோசனை கூறுக. படித்து வந்த பாடம் கண்ணில் பட்டதும் மனம் அதற்குத் தாவிவிடுவதால் அந்தக் கடைசிச் சொல்லைப் பலர் பார்ப்பதே இல்லை. "மைனர்" என்று வினாவில் இருந்தால் போதும், மோஹரி பீபீ வழக்கில் தொடங்கி நான்கு பக்கம் ஓடிவிடும். எழுதியதில் சட்டப் பிழை இருக்காது. மதிப்பெண் மட்டும் பாதியில் நிற்கும். கேட்டதற்குப் பதில் அதில் இல்லை என்பதே காரணம்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய்ச் சட்டம் படிப்பவர்களில் தமிழில் எழுதுபவர்களும் உண்டு, ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் உண்டு. தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு கூடுதல் கண்ணி இருக்கிறது. "விவாதி", "விவரி" இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். விவரி என்றால் சட்டம் என்ன சொல்கிறது என்று எடுத்துச் சொன்னால் போதும். விவாதி என்றால் அந்தச் சட்டத்தில் எங்கே இரண்டு பக்கம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். வினாத்தாள் இரு மொழியிலும் அச்சாகியிருந்தால் இரண்டு வடிவத்தையும் படிப்பது நல்லது. தமிழில் மங்கலாக இருக்கும் சொல் ஆங்கிலத்தில் டிஸ்கஸ் என்று தெளிவாக நிற்கலாம்.

மைனர் செய்யும் உடன்பாடு என்ற ஒரே பாடத்தை எடுத்து மூன்று சொல்லுக்கும் எழுதிப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். முதலில் கையில் இருக்க வேண்டிய சரக்கு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, தகுதியுள்ளவர்கள் செய்யும் உடன்பாடுதான் ஒப்பந்தம் என்கிறது. வயது வந்தவர்தான் தகுதியுள்ளவர் என்பது 11ஆம் பிரிவு. அந்த வயது 18 என்பது 1875ஆம் ஆண்டு வயதுவந்தோர் சட்டம். நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் 21 என்று இருந்த விதிவிலக்கு 1999 திருத்தத்தில் நீங்கிவிட்டது. பழைய கைடுகளைப் பார்த்து இன்றும் 21 என்று எழுதுகிறவர்கள் இருப்பதால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மைனரின் உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல் மோஹரி பீபீ எதிர் தர்மதாஸ் கோஷ் வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இதற்கு மேல் மைனருக்குக் கொடுத்த அத்தியாவசியப் பொருள் பற்றிய 68ஆம் பிரிவு, திருப்பிக் கொடுத்தல் பற்றிய வழக்குகள், பெற்ற பலனைத் திருப்பச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. இவ்வளவுதான். மூன்று வினாவுக்கும் இதே சரக்குதான் போகிறது. எது முன்னால் நிற்கும், எது ஒரு வரியில் முடியும், எது வரவே கூடாது என்பதை வினைச்சொல் முடிவு செய்கிறது.

"மைனர் செய்யும் உடன்பாட்டின் சட்ட விளைவுகளை விவாதி" என்பது முதல் வினா என்று வைத்துக்கொள்வோம். இதற்கு 18 வயது, 11ஆம் பிரிவு எல்லாம் இரண்டு மூன்று வரியில் முடிந்துவிட வேண்டும். அதில் யாருக்கும் தகராறு இல்லை, தகராறு இல்லாத இடத்தில் விவாதமும் இல்லை. விடையின் உடல், நீதிமன்றங்கள் வெவ்வேறு பக்கம் போன இடத்தில் இருக்கிறது. வயதைப் பொய்யாகச் சொல்லிப் பணம் வாங்கிய மைனர் அதைத் திருப்பித் தர வேண்டுமா? 1914இல் இங்கிலாந்தில் லெஸ்லி எதிர் ஷீல் வழக்கில், பொருள் அப்படியே கையில் இருந்தால் திருப்பலாம், செலவழிந்த பணத்தைக் கேட்க முடியாது, கேட்டால் செல்லாத ஒப்பந்தத்தைச் சுற்றுவழியில் நிறைவேற்றியது போலாகும் என்றார்கள். 1928இல் கான் குல் எதிர் லாகா சிங் வழக்கில் லாகூர் உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பணத்தையும் திருப்பச் சொல்லலாம், அது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதல்ல, பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்றது. 1937இல் அஜோத்யா பிரசாத் எதிர் சந்தன் லால் வழக்கில் அலகாபாத் முழு அமர்வு மறுபடி ஆங்கிலேயப் பார்வைக்கே போனது.

இந்த மூன்றையும் ஆண்டு வரிசையில் அடுக்கினால் அது விவரணை. விவாதமாக வேண்டுமென்றால் மூன்றும் பிரியும் புள்ளியைச் சொல்ல வேண்டும்: திருப்பிக் கொடுக்கச் சொல்வது ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்குச் சமமா, இல்லையா? லாகூர் இல்லை என்கிறது, அலகாபாத் ஆம் என்கிறது. அந்தக் கேள்வியை முதலில் எழுதிவிட்டு, அதற்குக் கிடைத்த இரண்டு பதில்களாக வழக்குகளைக் கொண்டுவந்தால் அதே வழக்குகள் விவாதமாகிவிடும். இறுதியில் இன்றைய நிலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று 33ஆம் பிரிவைக் காட்டி இரண்டு வரி எழுத வேண்டும். விவாதி என்ற வினாவுக்கு முடிவு தேவையில்லை என்று ஒரு நம்பிக்கை மாணவர்களிடம் இருக்கிறது, அது தவறு. நீளமான தீர்ப்பு தேவையில்லை, ஆனால் தராசு எங்கே நிற்கிறது என்று சொல்லாமல் கையைக் கழுவக் கூடாது.

இரண்டாவது வினா இப்படி: "மைனரின் உடன்பாடு முற்றிலும் செல்லாது என்ற விதி மைனரைக் காக்கிறது, நேர்மையாகக் கொடுத்தவரைக் கைவிடுகிறது. விமர்சன நோக்கில் மதிப்பிடுக." இங்கே நடுவில் நிற்க இடமில்லை. மேற்கோளாகத் தந்த கூற்று எந்த அளவுக்குச் சரி என்று எழுதுபவர் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு முன் எதை வைத்து அளக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். பலரும் தவறவிடும் உறுப்பு இந்த அளவுகோல்தான். "இந்தத் தீர்ப்பு அநீதியானது" என்று எழுதினால் அது கருத்து. "அனுபவமில்லாதவரைக் காப்பது, ஏமாற்றியவருக்கு லாபம் விடாமலிருப்பது என்ற இரண்டு நோக்கங்களில் முதலாவதை இந்த விதி நிறைவேற்றுகிறது, இரண்டாவதை விட்டுவிடுகிறது" என்று எழுதினால் அது மதிப்பீடு.

விமர்சனம் என்ற சொல்லைக் குறை சொல்வது என்று எடுத்துக்கொள்வதும் வழக்கமான சறுக்கல். விதி ஏன் அப்படி அமைந்தது, எங்கே நன்றாக வேலை செய்கிறது என்பதும் விடையில் இருக்க வேண்டும். மோஹரி பீபீ வழக்கின் உண்மைகளே இதற்கு உதவும். மைனர் தன் சொத்தை 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்தார். அவர் மைனர் என்பது கடன் கொடுத்தவரின் வழக்கறிஞருக்கு முன்பே தெரியும், தாய் தரப்பிலிருந்து கடிதமே போயிருந்தது. தெரிந்தே கொடுத்தவருக்கு எதிராக விதி நின்றதில் அநீதி ஏதும் இல்லை. அந்த விதியை, தெரியாமல் கொடுத்தவருக்கும் அப்படியே நீட்டும்போதுதான் கேள்வி எழுகிறது. இந்த ஒரு நுணுக்கத்தை எழுதினாலே, தீர்ப்பின் உண்மைகளையும் அது பிறகு போன தூரத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் என்று திருத்துபவருக்குப் புரிந்துவிடும்.

அடுத்து சட்டத்தின் சொற்களுக்குள் போக வேண்டும். 11ஆம் பிரிவு யார் தகுதியுள்ளவர் என்று மட்டும் சொல்கிறது. தகுதியற்றவர் செய்த உடன்பாடு செல்லாததா, மைனரின் விருப்பப்படி தவிர்க்கத்தக்கதா என்று எங்கும் எழுதியில்லை. 1903க்கு முன் இந்திய நீதிமன்றங்களில் இரண்டு கருத்தும் இருந்தன. பிரிவி கவுன்சில் 10ஐயும் 11ஐயும் சேர்த்துப் படித்து, தகுதி இல்லையென்றால் ஒப்பந்தமே இல்லை என்ற முடிவுக்கு வந்தது. ஒப்பந்தமே இல்லாததால், செல்லாத உடன்பாட்டில் பெற்றதைத் திருப்பச் சொல்லும் 65ஆம் பிரிவும் பொருந்தாது என்றது. இந்த இரண்டாவது படிதான் பலவீனமானது. 1958இல் வந்த சட்ட ஆணையத்தின் 13ஆவது அறிக்கை இதை ஏற்காமல், வயதைப் பொய்யாகச் சொன்ன மைனருக்கும் 65 பொருந்தும்படி விளக்கம் சேர்க்கப் பரிந்துரைத்தது. ஒப்பந்தச் சட்டம் திருத்தப்படவில்லை. ஆனால் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு வேறு வாசல் வழியாக அதே நோக்கத்தின் பெரும்பகுதியைக் கொண்டுவந்தது.

முழுச் செல்லாமை என்பது நடைமுறையில் முழுமையாக இருந்ததில்லை என்பதும் மதிப்பீட்டில் வர வேண்டும். 1916இல் ராகவாச்சாரியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, மைனர் பணம் கொடுத்து அடமானம் வாங்கியிருந்தால் அதை அவர் நிறைவேற்றிக் கேட்கலாம் என்றது. மைனர் மேல் சுமை ஏறும்போது செல்லாது, மைனருக்கு வரவேண்டியது நிற்கும்போது செல்லும். விதியைவிட அதன் நோக்கத்துக்கே நீதிமன்றம் உண்மையாக இருந்தது என்பதற்கு இது சான்று. இவ்வளவும் எழுதிய பிறகு முடிவு தானாக வரும்: கூற்றின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதி 1903க்கு அதிகம் பொருந்தும், 1963க்குப் பின் குறைவாகப் பொருந்தும். விதியின் குறை உடன்பாட்டைச் செல்லாது என்றதில் இல்லை, பரிகாரத்தை மறந்ததில் இருந்தது. "எந்த அளவுக்கு" என்று வினா கேட்டாலும் விடை இதே வகைதான். அளவு என்னவென்று சொல்ல வேண்டும், "ஓரளவு" என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது சொல் எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டுகிறது. ஒரு கற்பனை வினா:

"குளச்சலைச் சேர்ந்த ஜெரினுக்கு 17 வயது 9 மாதம். தனக்கு 19 வயது என்று சொல்லி, சுயம்புவின் கடையில் வள்ளத்துக்கு வைக்கும் வெளிப்புற எஞ்சின் ஒன்றை 1,20,000 ரூபாய்க்கு வாங்குகிறான். 20,000 முன்பணம் கொடுக்கிறான், மீதியைப் பத்துத் தவணையில் தருவதாக எழுதிக் கொடுக்கிறான். சுயம்பு அடையாள அட்டை எதையும் கேட்கவில்லை. 18 முடிந்த மறுமாதம் ஜெரின், 'பாக்கியைக் கட்டாயம் தருகிறேன்' என்று கடிதம் எழுதுகிறான், தரவில்லை. எஞ்சின் அவன் வீட்டில் ஓடும் நிலையில் இருக்கிறது. சுயம்புவுக்கு ஆலோசனை கூறுக."

இங்கே லாகூரா அலகாபாத்தா என்ற சண்டைக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் நேரம் போனதுதான். பிரிவி கவுன்சில் 65ஆம் பிரிவைப் படித்தது சரியா என்று எழுதினால் அது வேறு வினாவின் விடை. சுயம்பு கடையில் உட்கார்ந்து கேட்பது ஒன்றே ஒன்று: எனக்குப் பணம் வருமா, எஞ்சினாவது வருமா? விடையின் முதல் வரி அதற்குப் பதிலாக இருக்கட்டும். "பாக்கி 1,00,000 ரூபாயை ஒப்பந்தத்தின் பேரில் சுயம்பு வசூலிக்க முடியாது. ஆனால் எஞ்சினைத் திரும்பப் பெற நல்ல வாய்ப்பு இருக்கிறது." பிறகு காரணங்கள்.

வினாவில் உள்ள ஒவ்வொரு விவரமும் ஒரு சட்டப் புள்ளிக்காக வைக்கப்பட்டது. 17 வயது 9 மாதம் என்பது 11ஆம் பிரிவு. இன்னும் மூன்றே மாதம்தானே என்ற வாதத்துக்கு இடமில்லை. 19 என்று சொன்ன பொய், முரண்தடை, அதாவது எஸ்டாப்பல் பற்றியது. பொய் சொன்னவன் இப்போது மைனர் என்று தப்பலாமா என்று சுயம்பு கேட்பார். தப்பலாம் என்பதே பதில். மைனரை அவனுடைய வார்த்தையாலேயே கட்டிவைத்தால் 11ஆம் பிரிவின் பாதுகாப்பு காணாமல் போய்விடும் என்பதால் நீதிமன்றங்கள் இந்த முரண்தடையை ஏற்பதில்லை. முரண்தடை விதி இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 121ஆம் பிரிவில் இருக்கிறது. 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 115 என்று மட்டும் எழுதினால் 2024 ஜூலைக்கு முந்தைய புத்தகம் படித்தவர் என்று தெரிந்துவிடும்.

எஞ்சின் தொழிலுக்கு வேண்டியது என்பது 68ஆம் பிரிவை நோக்கி இழுக்கும் தூண்டில். மைனரின் வாழ்க்கை நிலைக்கு ஏற்ற அத்தியாவசியப் பொருளைக் கொடுத்தவர் அவன் சொத்திலிருந்து ஈடு பெறலாம், அவன் மேல் தனிப்பட்ட பொறுப்பு விழாது. கடலுக்குப் போகிறவனுக்கு எஞ்சின் அத்தியாவசியம்தானே என்று குளச்சலில் யாருக்கும் தோன்றும். ஆனால் சட்டத்தில் அத்தியாவசியம் என்பது உணவு, உடை, இருப்பிடம், கல்வி போன்றவற்றின் பக்கம் நிற்கிறது. 1937இல் இங்கிலாந்தில் மெர்க்கன்டைல் யூனியன் எதிர் பால் வழக்கில், சரக்கு ஏற்றும் தொழில் செய்த மைனர் தவணைக்கு வாங்கிய லாரியே அத்தியாவசியமாகக் கருதப்படவில்லை. அந்தத் தீர்ப்பு இந்திய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் எஞ்சினுக்கு மிக நெருக்கமான உதாரணம் என்பதால் 68ஐ நம்பி சுயம்பு வழக்குப் போடுவது பலவீனமான வழி என்று எழுதலாம். "முடியாது" என்றும் இல்லை, "முடியும்" என்றும் இல்லை. வழி எவ்வளவு பலமானது என்று எடை போட்டுச் சொல்வதுதான் ஆலோசனை.

18 முடிந்த பின் எழுதிய கடிதம், பின்னேற்பு பற்றியது. இல்லாத ஒப்பந்தத்தைப் பிறகு ஏற்க முடியாது. மைனராக இருந்தபோது பெற்றது புதிய வாக்குறுதிக்கு மறுபயனாகவும் ஆகாது என்று 1928இல் சூரஜ் நாராயண் எதிர் சுக்கு அஹீர் வழக்கில் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. கடிதம் ஒரு காகிதம்தான். ஆனால் இங்கே நிறுத்திவிடக் கூடாது. ஜெரின் இப்போது வயது வந்தவன், மனமும் இருக்கிறது. எஞ்சினைத் திருப்பிக் கொடுத்து, அன்றைய தேதியில் புதிய விலைக்குப் புதிதாக வாங்கினால் அது முழு ஒப்பந்தம். இந்த ஒரு யோசனை விவாத வினாவில் வர இடமே இல்லை, ஆலோசனை வினாவிலோ சிறந்த வரி இதுதான். சட்டத்தைச் சொல்லி முடித்த பிறகு, கட்சிக்காரர் நாளை காலை என்ன செய்யலாம் என்று யோசித்தவருக்கு மட்டுமே அது கிடைக்கும்.

ஜெரின் உடன்படாவிட்டால் வழக்கு. 33ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு (ஆ) கூறு இப்படி வேலை செய்கிறது: தான் 11ஆம் பிரிவின்படி தகுதியற்றவன் என்று பிரதிவாதி எதிர்த்து வெற்றி பெற்றால், அந்த உடன்பாட்டில் அவன் பெற்ற பலனை, அவனோ அவன் சொத்தோ பலனடைந்த அளவுக்குத் திருப்பும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆகவே சுயம்பு பணத்துக்காக மட்டும் வழக்குப் போட்டு நிற்காமல், அது மறுக்கப்பட்டால் எஞ்சினைத் திருப்பித் தரவேண்டும் என்று மாற்று வேண்டுகோளையும் பிராதிலேயே சேர்த்துவிட வேண்டும். "கட்டளையிடலாம்" என்ற சொல்லை "கட்டளையிட வேண்டும்" என்று எழுதிவிட்டால் ஆலோசனையே தவறாகிவிடும். அது நீதிமன்றத்தின் விருப்புரிமை. ஜெரின் வேண்டுமென்றே பொய் சொன்னது சுயம்புவுக்குச் சாதகம். சுயம்பு ஒரு அட்டைகூடக் கேட்காதது எதிர்த்தரப்பின் வாதம். கொடுத்த 20,000 முன்பணத்தைக் கணக்கில் எடுக்கவும் ஜெரின் தரப்பு கேட்கலாம் என்று எச்சரிக்க வேண்டும்.

எஞ்சினை அவன் 70,000க்கு விற்றிருந்தால்? பொருள் இல்லை, பலன் பணமாக இருக்கிறது. லாகூர், அலகாபாத் வழக்குகள் இந்த விடைக்குள் நுழைய உரிமை பெறுவது இங்கேதான், அதுவும் இரண்டு வரிக்கு. "பலனடைந்த அளவுக்கு" என்ற சொற்களை நம்பி பணத்தையும் கேட்கலாம் என்ற ஆலோசனையோடு அந்த இரண்டு வரி முடியும். வினாவில் சொல்லாத, ஆனால் விடையை மாற்றக்கூடிய விவரம் ஒன்று இருந்தால் அதைக் கேட்பதும் ஆலோசனையின் பகுதி.

அதே வினா "ஜெரினுக்கு ஆலோசனை கூறுக" என்று முடிந்திருந்தால் சட்டம் மாறாது, வரிசை மாறும். முதல் வரி, பாக்கி கட்டும் பொறுப்பு இல்லை, கடிதத்தாலும் அது வராது என்று தொடங்கும். அபாயம் என்ற இடத்தில் 33 வரும்: வழக்கு வந்தால் மைனர் என்ற எதிர்வாதம் வெல்லும், வென்ற கையோடு எஞ்சினைக் கொடுக்கச் சொல்லக்கூடும். அதனால் இப்போது அவசரப்பட்டு விற்றுவிடாதே, புதிய காகிதம் எதிலும் யோசிக்காமல் கையெழுத்துப் போடாதே என்பது அவனுக்கான நாளைக் காலைச் செய்தி. யாருக்கு ஆலோசனை என்பதைக் கவனிக்காமல் எழுதிய விடையில் இரண்டு பக்கமும் இருக்கும், இரண்டு பேருக்கும் பயன்படாது.

எழுதி முடித்த விடை எந்த வினைச்சொல்லுக்குப் பதில் என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தில் எழுவாயைக் கோடிட்டுப் பாருங்கள். விவாத விடையில் அது ஒரு பிரச்சினையாக இருக்கும்: "திருப்பிக் கொடுத்தல் நிறைவேற்றத்துக்குச் சமமா என்பது..." மதிப்பீட்டு விடையில் விதியோ தீர்ப்போ எழுவாயாக நின்று, பயனிலையில் ஒரு எடை இருக்கும்: "1903 தீர்ப்பு பரிகாரத்தைக் குறுக்கியது." ஆலோசனை விடையில் ஆள் இருப்பார்: "சுயம்பு இந்தக் கடிதத்தை நம்ப முடியாது." ஆலோசனை வினாவுக்கு எழுதிய நான்கு பக்கத்தில் சுயம்புவின் பெயர் மூன்றாம் பக்கத்தில்தான் முதன்முறை வருகிறது என்றால், முதல் இரண்டு பக்கமும் வேறு வினாவுக்கு எழுதியவை.

தேர்வறையில் இதைச் செய்ய இரண்டு நிமிடம் போதும். வினாவின் வினைச்சொல்லை வட்டமிடுங்கள். ஆலோசனை என்றால் யாருக்கு என்ற பெயரையும் வட்டமிடுங்கள், மதிப்பீடு என்றால் மேற்கோள் கூற்றின் இரண்டு பாதிகளையும் பிரித்துக் கோடிடுங்கள். 12 மதிப்பெண் வினாவுக்கு 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், தகராறில்லாத சட்டத்துக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் எதிலும் கொடுக்க வேண்டாம். மீதி நேரம் விவாதத்தில் பிளவுப் புள்ளிக்கும், மதிப்பீட்டில் அளவுகோலுக்கும் முடிவுக்கும், ஆலோசனையில் உண்மைகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தோடு பொருத்துவதற்கும் போகட்டும். நேரம் தீர்ந்துபோய் ஒரு பத்தியைக் கைவிட வேண்டி வந்தால், ஆலோசனை விடையில் வழக்கின் வரலாற்றை விடுங்கள், மதிப்பீட்டு விடையில் பிரிவுகளின் விவரத்தை விடுங்கள், விவாத விடையில் கடைசி முடிவை இரண்டு வரியாகச் சுருக்குங்கள்.